முத்திரைக்கு அடியில் போன சொற்களைப் படியெடுப்பது எப்படி?

"பழைய பிறப்புச் சான்றிதழ் ஒன்றைப் போட்டோவிலிருந்து அப்படியே தட்டச்சு செய்து தர வேண்டும். அலுவலக முத்திரையும் கையெழுத்தும் அச்சு வரிகளின் மேலேயே விழுந்திருக்கின்றன. தெரியாத சொற்களை என்னவென்று எழுதுவது? ஊகித்து நிரப்பலாமா?"

ஊகித்து நிரப்ப வேண்டாம். எழுத்து தெரியாத இடத்தில் சதுர அடைப்புக்குறி இட்டு, அதை மறைப்பது எது, ஏறத்தாழ எத்தனை எழுத்துகள் மறைந்துள்ளன என்ற இரண்டையும் எழுதுங்கள். ஆனால் மறைந்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் சற்றுப் பொறுக்க வேண்டும். பல ஆண்டுகளாக இத்தகைய ஆவணங்களைப் படியெடுத்து வருகிறேன். முதல் பார்வையில் மறைந்ததாகத் தோன்றும் சொற்களில் பல, வண்ணத்தைப் பிரித்துப் பார்த்த உடனேயே வெளிப்பட்டுவிடுகின்றன.

ரப்பர் முத்திரைக்குப் பயன்படும் ஊதா, நீலம், சிவப்பு மைகள் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் சாய மைகள். அவை கறுப்பு அச்சின் மேல் படிந்தாலும் அதை மூடுவதில்லை. நம் கண்ணைத்தான் குழப்புகின்றன. வண்ணப் படம் ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்குகள் உள்ளன. நீல மை நீல ஒளியைத் திருப்பி அனுப்புவதால் நீல அடுக்கில் வெளிறிப்போகும், ஊதாவும் அப்படித்தான். சிவப்பு முத்திரை சிவப்பு அடுக்கில் வெளிறும். கறுப்பு அச்சோ மூன்றிலும் கறுப்பாகவே நிற்கும். படத்தை இம்மூன்றாகப் பிரிக்க ImageMagick நிரலில் ஒரே வரி போதும்:

```
magick photo.jpg -separate band_%d.png
```

இதில் கிடைக்கும் 0, 1, 2 என்ற எண்ணிட்ட கோப்புகள் முறையே சிவப்பு, பச்சை, நீல அடுக்குகள். மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கறுப்பு முத்திரைக்கும் கறுப்புப் பேனாவின் கையொப்பத்துக்கும் இந்த வழி உதவாது. அங்கே மறைந்தது மறைந்ததுதான்.

இதற்குக் கைபேசியில் எடுத்த மூல வண்ணப் படம் அவசியம். ஸ்கேன் செயலிகளின் கறுப்பு வெள்ளை வடிகட்டி ஊதாவையும் கறுப்பையும் ஒரே கறுப்பாக்கிவிடுகிறது; அதன் பின் பிரிக்க எதுவும் மிஞ்சாது. உரையாடல் செயலி படத்தைச் சிறிதாக்கி மீண்டும் சுருக்குவதால், அதன் வழியாக வந்த படத்திலும் ஒரு குறை உண்டு. ஜேபெக் சுருக்கத்தில் ஒளிச்செறிவு முழு நுணுக்கத்துடன் சேமிக்கப்பட, வண்ணம் பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதி நுணுக்கத்திலேயே சேமிக்கப்படுகிறது. அதனால் முத்திரையின் மெல்லிய விளிம்பு அருகிலுள்ள எழுத்தின் மேல் கசிந்து, இல்லாத கோடு ஒன்று இருப்பதுபோல் தோன்றும். ஆகவே படத்தை மின்னஞ்சலில் இணைப்புக் கோப்பாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குவேன்.

நான் கையாண்ட ஒரு சான்றிதழைச் சொல்கிறேன். தட்டச்சு இயந்திரத்தில் அடித்த படிவம். பிறந்த நாளின் மேல் வட்ட ஊதா முத்திரையின் விளிம்பு வளைந்து சென்றது. பார்த்தவுடன் 02-08-1961 என்றுதான் யாரும் படிப்பார்கள். நீல அடுக்கில் பார்த்தபோது விளிம்பு மங்கி, அந்த 8-இன் இடப்பக்கம் இரண்டு இடங்களில் திறந்திருப்பது தெரிந்தது. அது 3, முத்திரையின் வளைவு வாயை மூடியதால் 8 போல் நின்றது. அதே தாளில் ஐயத்துக்கு இடமில்லாத வேறு 3, 8 ஆகியவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் உறுதி செய்துகொண்டேன். பதிவு செய்த நாள் 09-03-1961 என்று கீழே தெளிவாக இருந்தது. ஆகஸ்டில் பிறந்த குழந்தையை அதே ஆண்டு மார்ச்சில் பதிந்திருக்க முடியாது. ஆனால் இந்தத் தர்க்கம் துணைச் சான்று மட்டுமே. எழுத்து கண்ணுக்குத் தெரியாமலிருந்தால், இதை மட்டும் வைத்து 3 என்று வரியில் எழுதியிருக்க மாட்டேன். அடிக்குறிப்பில்தான் சொல்லியிருப்பேன்.

அதே தாளின் பதிவு எண் வேறு கதை. கறுப்பு மையில் இட்ட கையொப்பத்தின் தடித்த சுழிப்பு ஒரு இலக்கத்தை முழுவதும் மூடியிருந்தது. எந்த அடுக்கிலும் அது தெரியவில்லை. ஆனால் அந்த இயந்திரத்தில் ஒவ்வொரு இலக்கமும் ஒரே அகலம் பிடிக்கும் என்பதால், மேல் வரியிலுள்ள தேதியின் இலக்கங்களோடு நேர்கோட்டில் ஒப்பிட்டு, மறைந்தது ஓர் இலக்கம் மட்டுமே என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. நான் எழுதியது இது:

பிறந்த நாள்: 02-03-1961
பதிவு எண்: 27[ஓர் இலக்கம் கறுப்புக் கையொப்பத்தால் மறைந்துள்ளது]4

தட்டச்சு அல்லாத அச்சில் எழுத்துகளின் அகலம் மாறுபடுவதால் இப்படித் துல்லியமாக எண்ண முடியாது. அங்கே "சுமார் இரண்டு சொற்கள்" என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை. ஒரு பகுதி மட்டும் தெரிந்தால் தெரிந்ததை எழுதி, ஐயமான எழுத்தை அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறியோடு இடுங்கள். வெறுமனே "தெளிவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். முத்திரையால் மறைந்தது, மை மங்கியது, தாள் மடிப்பில் சிதைந்தது, ஒளி பட்டு வெளுத்தது ஆகியவை தனித்தனிக் குறைகள். ஒளி பட்டதை வேறு கோணத்தில் எடுத்த படம் சரிசெய்துவிடும், கறுப்பு மையால் மறைந்ததை அது சரிசெய்யாது என்பதைப் படிப்பவர் இந்தக் குறிப்பிலிருந்தே அறிந்துகொள்வார்.

தமிழ் எழுத்துகளில் நான் மிகவும் அஞ்சுவது பெயரின் முன்னெழுத்தைத்தான். கையொப்பத்தின் வால் ஒன்று "எ"யின் அடியைத் தொட்டுச் சென்றால் அது "ஏ" ஆகத் தோன்றும். இரண்டுமே முன்னெழுத்தாக வரக்கூடியவை என்பதால் பிழை யார் கண்ணிலும் படாது. அந்த வால் எழுத்தோடு முடிகிறதா, அடுத்த எழுத்தையும் தாண்டி ஓடுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தாண்டி ஓடினால் அது பேனாக் கோடாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. புள்ளி மறைந்த மெய்யெழுத்தும் இப்படித்தான். முத்திரைக்குள் இருக்கும் சொல்லை அறிந்த பெயராக நினைத்துக்கொண்டு புள்ளி வைத்துவிடாதீர்கள்.

முத்திரையின் வாசகமும் ஆவணத்தின் ஒரு பகுதியே. அதை உள்ளடக்க வரிகளோடு கலக்காமல், "[வட்ட ஊதா முத்திரை, வலக் கீழ்மூலை: …]" என்று தனியாக எழுதுங்கள். அதே முத்திரை அதே தாளில் வேறிடத்தில் நன்றாகப் பதிந்திருந்தால், அங்கே படித்ததைக் கொண்டு இங்கே தெரியாத பகுதியை நிரப்பலாம். அப்படி நிரப்பியதையும் குறிப்பில் சொல்ல வேண்டும். மையில்லாமல் அழுத்திப் பதித்த புடைப்பு முத்திரைக்கு வண்ணப் பிரிப்பு பயன்படாது. தாளை மேசையில் கிடத்தி, ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக விளக்கைக் காட்டிப் படமெடுத்தால் நிழலில் எழுத்து எழும்பி வரும்.

உரிமையாளரிடமுள்ள வேறு ஆவணத்தில் அந்தப் பெயரோ எண்ணோ தெளிவாக இருந்தாலும், அதைப் படிக்குள் கொண்டுவராதீர்கள். இரண்டு ஆவணங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைச் சரிபார்ப்பது படியைக் கேட்டவரின் வேலை, நீங்கள் நிரப்பிவிட்டால் அந்தச் சரிபார்ப்பே நடக்காமல் போகும். வேண்டுமானால் "இவ்விடம் படிக்க இயலவில்லை, பதிவேட்டிலிருந்து சான்றொப்பமிட்ட புதிய படி தேவை" என்று இறுதியில் ஒரு வரி சேருங்கள். பதிவேட்டில் அந்த இலக்கத்தின் மேல் இந்தக் கையொப்பம் விழுந்திருக்காது.