ஒட்டுப்போட்ட இடம் மட்டும் ஏன் வழவழக்கிறது?

கேள்வி: குடும்ப குரூப் போட்டோவில் பின்னால் நின்ற ஒரு வெளியாளை நீக்கித் தரச் சொல்லி ஆன்லைனில் ஒருவருக்கு முழுப் பணமும் கொடுத்தேன். பிரிண்ட் போட்டால் அவர் நின்ற சுவர் மட்டும் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. கேட்டால் பிரிண்டர் கோளாறு என்கிறார்.

பதில்: பிரிண்டர் கெட்டால் சுவர் முழுவதும் கெடும். ஆள் நின்ற இடத்தை மட்டும் தேடிப் போய்க் கெடுக்காது. உங்களை ஏமாற்றப் பார்க்கிறார். எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

அவர் கொடுத்த ஃபைலை போட்டோஷாப்பில் திறந்து, `Histogram` பேனலை விரிந்த பார்வையில் வையுங்கள். சுவரில் கை படாத இடத்தில் ஐம்பது பிக்சலுக்கு ஐம்பது அளவில் ஒரு சதுரம் தேர்வு செய்து, பிக்சல்களின் வெளிச்சம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் `Std Dev` என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே வெளிச்சம் விழும் ஒட்டுப்போட்ட இடத்திலும் அதே அளவு சதுரம் எடுங்கள். நிழல் சரிந்து விழும் இடம் வேண்டாம், அந்தச் சரிவும் எண்ணில் சேர்ந்துவிடும். ஜிம்ப்பின் ஹிஸ்டோகிராம் பெட்டியிலும் இதே எண் இருக்கிறது. அசல் சுவரில் 4.2, ஒட்டில் 1.1 என்று வந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். கிரெய்ன், அதாவது படத்தில் இயல்பாக இருக்கும் நுண்ணிய புள்ளிகள், அழிந்திருக்கிறது.

அழிந்தது எப்படி என்றால், மென்மையான ஓரமுள்ள குளோன் பிரஷ்ஷால் தேய்த்திருப்பார். ஓரத்தில் புதுப் பிக்சல் பாதியும் பழையது பாதியுமாகக் கலக்கும். தொடர்பில்லாத இரண்டு கிரெய்ன்களைப் பாதிப் பாதியாகக் கலந்தால் மிஞ்சுவது சுமார் 70 சதவீதம்தான். அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்க்கத் தேய்க்க அதுவும் கரையும். குளோன் பிரஷ்ஷின் ஓரத்தைக் கடினமாக்கியிருந்தாலோ, ஹீலிங் பிரஷ்ஷை `Replace` முறையில் வைத்திருந்தாலோ இவ்வளவு மோசமாகியிருக்காது.

திருத்தமும் பெரிய வேலை இல்லை. ஒட்டுக்கு மேல் 50 சதவீதச் சாம்பல் நிறத்தில் ஒரு லேயர் போட்டு, அதை `Overlay` ஆக்கி, ஒட்டுக்கு மட்டும் மாஸ்க் போட வேண்டும். அந்த லேயரில் `Add Noise`, `Gaussian` கொடுத்து, அதன்மேல் சுமார் 0.5 பிக்சல் பிளர். இந்த பிளர் எதற்கென்றால், ஃபில்டர் போடும் புள்ளி ஒரு பிக்சல் அளவில் மணல்போல் விழும். கேமராவிலிருந்து வரும் ஜேபெக்கில் புள்ளிகள் பக்கத்துப் பிக்சலோடு ஒட்டி இரண்டு மூன்று பிக்சல் திட்டாக இருக்கும். அசலில் சிவப்பு, நீலப் பொட்டுகள் தெரிந்தால் `Monochromatic` டிக்கை எடுத்துவிட வேண்டும். பிளர் போட்டதும் எண் இறங்கும். ஆகவே ஒட்டு 4.2 காட்டும்வரை அளவை ஏற்றி மறுபடி அளக்க வேண்டும். ஒட்டு இருட்டிலும் வெளிச்சத்திலும் பரவியிருந்தால் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். வெளுத்துப்போன வெள்ளையில் கிரெய்னே இருக்காது, அங்கே தூவினால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

இதைச் செய்து லேயரோடு ஃபைலைத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: ஒட்டு தெரியாமல் இருக்க, முடிவில் படம் முழுவதும் கிரெய்ன் தூவிவிட்டால் போதும் என்கிறார் எங்கள் எடிட்டர். சரியா?

பதில்: இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இது திருத்தம் இல்லை, மூடிமறைப்பு. கிரெய்ன் நேர்க்கூட்டலாகச் சேராது. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அசல் 4, ஒட்டு 1 என்று இருக்கும் படத்தில் 3 அளவு கிரெய்ன் தூவிப் பாருங்கள். அசல் 5 ஆகும், ஒட்டு 3.2-க்குத்தான் வரும். இடைவெளி குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியும்படிதான் நிற்கிறது, நன்றாக இருந்த முகங்களும் சொரசொரப்பாகிவிட்டன. இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போகவேண்டுமானால் படத்தையே மணலில் புதைக்க வேண்டும். லேசான தூவலுக்கு ஒரு வேலை உண்டு. இரண்டும் ஏற்கெனவே கிட்டத்தட்டச் சமமாகிவிட்ட பிறகு மிச்சம் மீதியை அது ஒன்றாக்கும். குறை இருக்கும் இடத்தில் போடாமல் குறை இல்லாத இடத்திலும் சேர்த்துப் போட்டுவிட்டு அதற்கு 'ஃபினிஷிங்' என்று தனிக் கட்டணம் வாங்குகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கேள்வி: கிரெய்ன் சேர்க்க ஒரு பிளக்-இன் தள்ளுபடியில் வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அப்படி ஒன்று என்னிடமும் தூங்குகிறது.

கேள்வி: குரூப் போட்டோவில் இல்லாத அப்பாவை வேறு படத்திலிருந்து சேர்த்துக் கொடுத்தார்கள். கிரெய்னெல்லாம் சரியாக இருக்கிறது. ஆனாலும் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் நிற்கிறார்.

பதில்: கூர்மை ஒத்துப்போகவில்லை. 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பக்கத்தில் நிற்பவரின் சட்டைக் காலர் ஓரத்தைப் பாருங்கள். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாற எத்தனை பிக்சல் எடுக்கிறது? அவருக்கு நான்கு, அப்பாவுக்கு இரண்டு என்றால், பெரிய படத்தைச் சுருக்கி வைத்ததில் அப்பா அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டார். 0.7-இல் தொடங்கி பிளர் போட்டு, காலர் மாற்றம் நான்கு பிக்சலுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். பிளர் கிரெய்னையும் தின்றுவிடும். ஆகவே அளவு மாற்றுவது முதலில், பிளர் அடுத்து, கிரெய்ன் அதற்குப் பிறகு. இந்த வரிசையைப் புரட்டினால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெடும்.

காலர் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் விஷயம் வேறு. சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி, ஷார்ப்பன் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். இல்லாத விவரத்தை ஷார்ப்பன் கொண்டுவராது. பெரிய அசல் இருந்தால் கொடுங்கள், இல்லையேல் அப்பாவைப் பின் வரிசையில் சிறிதாக வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: செய்திச் செயலியில் வந்த படத்தைத்தான் கொடுத்தேன். எடிட் செய்த இடம் மட்டும் சுத்தமாக, மற்ற இடமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது. எடிட்டரைக் குறை சொல்லலாமா?

பதில்: பாதிக் குறை உங்களுடையது. அசல் கையில் இருக்க, செயலி நசுக்கிய படத்தை ஏன் கொடுத்தீர்கள்? ஜேபெக், படத்தை இடது மேல் மூலையிலிருந்து எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும். தரம் குறைந்தால் அந்தக் கட்டங்கள் தெரியும், எழுத்து ஓரங்களில் கொசுக்கூட்டம்போல் அழுக்கும் சேரும். புதிதாக ஒட்டிய பகுதி அந்தச் சுருக்கத்தைப் படாதது.

அசலே இல்லையென்றால் வழி இது. முதலில் ImageMagick என்ற மென்பொருளின் இந்தக் கட்டளையால் பழைய ஃபைலின் தரத்தைப் பார்க்க வேண்டும்:

```
magick identify -format "%Q" padam.jpg
```

75 என்று வந்தால், ஒட்டுப்போட்ட முழுப் படத்தின் நகல் ஒன்றை 75-இல் ஜேபெக்காகச் சேமித்துத் திறக்க வேண்டும். அதிலிருந்து ஒட்டை மட்டும் எடுத்து, சுருக்காத படத்தின்மேல் அதே இடத்தில் மாஸ்க்கோடு வைக்க வேண்டும். இப்போது ஒட்டிலும் அதே தரத்தின் கட்டம் வந்துவிடும். கடைசிச் சேமிப்பு 95-க்கு மேல் இருக்கட்டும். இடையில் இடப்பக்கமோ மேலேயோ மூன்று பிக்சல் வெட்டினாலும் கட்டக்கோடு தள்ளிப்போய்விடும், வெட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். `%Q` தருவது மதிப்பீடுதான். போட்டோஷாப்பின் `Save As`, `Save a Copy` வழியில் ஜேபெக்கைச் சேமிக்கும்போது தரம் 12 வரைதான் ஓடும், 75-ஐ அங்கே தேடாதீர்கள். 0 முதல் 100 வரை உள்ள மென்பொருளில் சேமித்து, இரண்டு இடத்தையும் பெரிதாக்கிக் கண்ணால் ஒப்பிடுங்கள்.

கேள்வி: மொபைலில் பார்த்து ஓகே சொல்லிவிட்டேன். இப்போது கம்ப்யூட்டரில் ஒட்டு தெரிகிறது. இலவசமாகத் திருத்தச் சொல்லலாமா?

பதில்: கேட்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது. படத்தைப் பாதியாகச் சுருக்கினால் நான்கு பிக்சல் ஒன்றாகிக் கிரெய்ன் நன்றாகக் குறையும். மொபைல் திரை அதைவிடவும் சுருக்கிக் காட்டும், அங்கே ஒட்டும் அசலும் ஒன்றாகத்தான் தெரியும். அடுத்த முறை ஒட்டுப்போட்ட இடத்தை 100 சதவீத அளவில் வெட்டி அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.