செமினாரில் ஆங்கிலம் ஏன் பாதியில் நிற்கிறது?

"காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறேன். ஆங்கிலத்தில் எழுத வருகிறது. செமினாரில் பேச எழுந்தால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறேன். ஏன்?"

தமிழில் வாக்கியத்தை முழுதாகக் கட்டி, பிறகு மாற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நமக்கு வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வர வேண்டும். எழுதும்போது திருப்பிப்போட நேரமுண்டு. பேசும்போது வினையைத் தேடுவதற்குள் சொல்ல வந்ததே நழுவிவிடும். சிறு வாக்கியங்கள் தடையின்றி வந்து, நீண்டவை மட்டும் அறுந்தால் காரணம் இதுதான்.

ஆத்தங்குடி டைல்ஸ் பற்றிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம். 'கண்ணாடிமேல் அச்சு வைத்து, வண்ண சிமெண்ட் ஊற்றி, மணல் கலவை நிரப்பி, காயவைத்து, நீரில் ஊறவைக்கிறார்கள்' என்பதை ஒரே வாக்கியமாக மாற்ற முயலாதீர்கள். பிளேஸ், போர், ஃபில், ட்ரை, சோக் என்று வினைகளை மட்டும் துண்டுச்சீட்டில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றையும் 'தே' என்று தொடங்கித் தனி வாக்கியமாக்குங்கள்: 'தே போர் கலர்டு சிமெண்ட்.' வீட்டில் நின்றுகொண்டு, வாய்விட்டே சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் ஓட்டினால் தடுக்கும் இடம் தெரியாது.

எதிர்பாராத கேள்விக்குச் சீட்டு உதவாது. அப்போது கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். தேவையான வினை அதிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும்.