காலை நிலவரத்துக்கு மூன்று வாக்கியம்

கேள்வி: பி.காம். வரை தமிழ் வழியில் படித்தேன். உசிலம்பட்டியிலிருந்து தினமும் மதுரையில் ஒரு ஆபீசுக்கு வேலைக்குப் போகிறேன். இங்கிலீஷில் எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். காலையில் மேனேஜர் வேலை நிலவரம் கேட்டால் வாயே திறக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பதில்: தம்பி, இலக்கணப் புத்தகத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். மேனேஜருக்கு வேண்டியது மூன்று தகவல்: எது முடிந்தது, எது நிற்கிறது, எப்போது முடியும். சாயங்காலம் கிளம்பும் முன் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ‘ஐ செக்ட் ட்வெல்வ் பில்ஸ் எஸ்டர்டே. டூ பில்ஸ் ஆர் பெண்டிங். ஐ வில் ஃபினிஷ் தெம் பை ஃபோர்.’ இவ்வளவு போதும்.

உங்களுக்கு வார்த்தைப் பஞ்சம் இல்லை, வரிசையில்தான் சிக்கல். ‘நேற்று பன்னிரண்டு பில் சரிபார்த்தேன்’ என்று தமிழில் நினைத்துவிட்டு, ‘எஸ்டர்டே ட்வெல்வ் பில்ஸ்...’ என்று தொடங்குவீர்கள். தமிழில் வினை கடைசியில் வரும். இங்கிலீஷில் ஆளைச் சொன்ன கையோடு வந்தாக வேண்டும். அதனால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். ‘ஐ’ என்றதும் அடுத்து வினைதான்: ஐ செக்ட், ஐ சென்ட், ஐ கால்ட். நாளும் மணியும் பின்னால் வரட்டும். நம் பக்கம் அடிக்கடி காதில் விழும் ‘ஐ யாம் செக்ட்’ மட்டும் வேண்டாம். அந்த ‘யாம்’ அங்கே சேராது.

மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் வராது, நாக்கு புரள வேண்டும். காலையில் வீட்டிலேயே ஐந்து முறை சத்தமாகச் சொல்லி, கடைசி முறையைப் போனில் பதிவு செய்யுங்கள். ஆரப்பாளையம் வரும் பஸ்ஸில் அதைக் கேளுங்கள். ‘செக்ட்’டின் கடைசி ‘ட்’ கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது விழுங்கப்பட்டால், முடித்த வேலை தினமும் செய்கிற வேலை போலக் கேட்கும். இரண்டு வாரம் போனதும் சீட்டில் வினைகளை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

படித்தவர்களும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ‘யூ டிடின்ட் செண்ட் த மெயில்?’ என்று மேனேஜர் கேட்பார். ‘அனுப்பலையா?’ என்றால் நாம் ‘ஆமா சார், அனுப்பல’ என்போம். அதே பழக்கத்தில் ‘யெஸ் சார்’ என்று நிறுத்தினால், மெயில் போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொள்ள இடமுண்டு. அனுப்பவில்லை என்றால் ‘நோ சார், ஐ டிடின்ட்’; அனுப்பியிருந்தால் ‘யெஸ் சார், ஐ சென்ட் இட்’. வெறும் யெஸ், நோவோடு நிறுத்தாதீர்கள்.

போனில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்று போலவே கேட்கும். தொகை சொல்லும்போது ‘ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்’ என்று இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கேள்வியே புரியவில்லை என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்; ‘குட் யூ ரிபீட் தட், சார்?’ என்று கேளுங்கள். பதில் கையில் இல்லையா? ‘ஐ வில் செக் அண்ட் டெல் யூ இன் டென் மினிட்ஸ்.’ சொன்னபடி பத்து நிமிடத்துக்குள் போய்ச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.