கியர் வழியே சுமையின் நிலைமம்: 10-ஆ, 100-ஆ?

> கியர் 10:1. சுமையின் நிலைமம் 0.05 kg·m², ரோட்டர் 0.0002. 10-ஆல் வகுத்தேன். மாடல் நிஜ மோட்டாரைவிட ரொம்ப மெதுவாக வேகம் பிடிக்கிறது. ஏன்?

100-ஆல் வகுக்க வேண்டும். சுமையின் முடுக்கம் மோட்டாருடையதில் பத்தில் ஒன்றுதான். அதற்கு வேண்டிய டார்க்கும் கியரைத் தாண்டி மோட்டார் பக்கம் வரும்போது இன்னொரு முறை பத்தில் ஒன்றாகிறது.

```
J = 0.0002 + 0.05/100 = 0.0007 kg·m²
```

உங்கள் மாடலில் இது 0.0052, அதாவது ஏழு மடங்குக்கும் மேல்.

அப்புறம், உராய்வைப் பிரித்துப் பாருங்கள். வேகத்தோடு கூடும் பிசுக்கு உராய்வின் கெழுவையும் 100-ஆல் வகுக்க வேண்டும். வேகம் மாறினாலும் மாறாத உலர் உராய்வு வெறும் டார்க். அதற்கு 10 போதும். அதையும் 100-ஆல் வகுத்தால், நிஜ மோட்டார் நகராத சின்ன மின்னோட்டத்திலேயே மாடல் சுற்றத் தொடங்கிவிடும்.