அம்மாவின் சீட்டு: எத்தனையாவது மாதம் எடுப்பது?

கேள்வி: மேடம், நான் கிராமப்புற வளர்ச்சி முதுகலை படிக்கிறேன். அம்மா மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 பேர் சேர்ந்த ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு போடுகிறார், மகளிர் குழுவிலும் இருக்கிறார். பாங்கைவிட சீட்டில்தான் லாபம் என்கிறார். உண்மையா? வகுப்பில் இதையே கட்டுரையாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள், எப்படி ஒப்பிடுவது?

பதில்: தம்பி, அம்மா எத்தனையாவது மாதம் சீட்டை எடுக்கப் போகிறார் என்று முதலில் கேளுங்கள், அது தெரியாமல் லாபமா நஷ்டமா என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. பாங்கில் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி வட்டி. சீட்டில் இரண்டும் ஒரே நோட்டில் இருக்கிறது, வட்டியை ஏலம்தான் முடிவு செய்கிறது.

உங்கள் வீட்டுச் சீட்டையே கணக்கு போடலாம். முதல் மாதம் ஒருவருக்கு அவசரம், மகள் கல்லூரிக் கட்டணம் என்று வையுங்கள், ஒரு லட்சத்தில் 30,000-ஐ விட்டுக்கொடுத்து, அதாவது தள்ளி எடுக்கிறார். அவர் கையில் 70,000. தள்ளிய 30,000-த்தில் சீட்டு பிடிப்பவர் கமிஷன், ஒரு லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 5,000 போக, மீதி 25,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,250. இதைத்தான் கசர் என்கிறார்கள். அந்த மாதம் எல்லோரும் 5,000-க்குப் பதில் 3,750 கட்டினால் போதும். நாள் போகப் போக அவசரக்காரர்கள் எடுத்து முடித்துவிடுவதால் தள்ளு குறையும். முதல் 5 மாதம் 30,000, அடுத்த 5 மாதம் 25,000, அப்புறம் 5 மாதம் 15,000, பிறகு 4 மாதம் 10,000, கடைசி மாதம் போட்டிக்கு ஆளே இல்லாததால் கமிஷன் மட்டும் என்று எடுத்துக்கொள்வோம்.

இப்படிப் போனால் ஒருவர் மொத்தம் கட்டுவது 85,250 ரூபாய். கடைசியில் எடுப்பவருக்கு 95,000 வரும். 9,750 தானே என்று தோன்றும், ஆனால் பணம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போனது, அதனால் ஆண்டுக்கு சுமார் 14 சதவீதம் விழுகிறது. பாங்க் தொடர் வைப்பு இதற்குக் கிட்டே வராது, அந்த அளவில் அம்மா சொல்வது சரி. முதல் மாதம் எடுத்தவர் கதை வேறு. 70,000 வாங்கிய அன்றே 3,750 கட்டிவிட்டதால் உண்மையில் கையில் வந்தது 66,250, அடுத்த 19 மாதத்தில் திருப்பிக் கட்டுவது 81,500. ரூபாய்க்கு மாதம் இரண்டு பைசா வட்டி, ஆண்டுக்கு சுமார் 24 சதவீதம். வீட்டில் நகை இருந்தால் பாங்க் நகைக்கடன் இதைவிட எவ்வளவோ மலிவு. நகையும் இல்லை, சம்பளச் சான்றும் இல்லை என்பவருக்கு அடுத்த வாசல் கந்துவட்டிதான், அவருக்கு இரண்டு பைசா பெரிய ஆறுதல்.

ஒருவர் 24 கொடுக்கிறார், இன்னொருவருக்கு 14 வருகிறது என்றால் நடுவில் உள்ளது எங்கே போனது? மாதம் 5,000 கமிஷன், 20 மாதம், ஒரு முழு லட்சம். சீட்டு பிடிப்பவர் சும்மா வாங்கவில்லை, யாராவது கட்டாமல் போனால் தன் கையிலிருந்து போட்டு அன்றைக்கு எடுத்தவருக்குப் பணம் தர வேண்டியது அவர் பொறுப்பு. ஆனால் கமிஷன் பெரிதாக இருப்பதால் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் சீட்டில் யாருக்கும் பெரிய அவசரம் இல்லை, ஏலம் எல்லா மாதமும் 10,000-த்திலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கசர் 250, மாதம் கட்டுவது 4,750. கடைசி மாதம் கசர் இல்லாமல் 5,000. கடைசியில் எடுப்பவர் மொத்தம் 95,250 கட்டி 95,000 வாங்குவார், கையைவிட்டு 250 போகும். ஆக, கடைசியில் எடுப்பவரின் லாபம் முழுக்க மற்றவர்களின் அவசரத்திலிருந்து வருவது. அவசரம் அதிகமுள்ள கூட்டத்தில் வட்டி நல்லது, அதே கூட்டத்தில்தான் பணம் வராமல் போகும் ஆபத்தும் அதிகம். இதை உங்கள் கட்டுரையில் தவறாமல் எழுதுங்கள்.

அந்த ஆபத்து எங்கள் வீட்டிலேயே நடந்தது. எங்கள் தெருவில் சீட்டு பிடித்தவர் பதினான்காவது மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார், என் அம்மா அதுவரை எடுக்கவில்லை, கட்டிய நோட்டு மட்டும் இன்னும் பீரோவில் இருக்கிறது. பின்னால் யோசித்தால் அறிகுறிகள் முன்பே தெரிந்தன. ஏலத்துக்கு எல்லோரையும் கூப்பிடாமல் "போன மாதம் இன்னார் எடுத்துவிட்டார்" என்று வாயால் மட்டும் சொன்னார், அந்த இன்னாரை யாரும் பார்த்ததில்லை. எடுத்தவருக்குப் பாதிப் பணம் இன்று, மீதி அடுத்த வாரம் என்றார். ஒன்று முடிவதற்குள் இன்னொரு சீட்டு தொடங்கினார். புதுச்சீட்டுப் பணத்தில் பழைய சீட்டை ஓட்டுகிறார் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டம் இதற்காகத்தான் வந்தது. முன் அனுமதி வாங்கிப் பதிவு செய்யாமல் சீட்டு நடத்தக் கூடாது. சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் வைத்த பிறகே நடத்துபவர் தொடங்க முடியும், தகராறு என்றால் பதிவாளரிடமே போகலாம். கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது, 2019 திருத்தத்தில் 7 ஆனது. தெருச்சீட்டில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பாங்க் வைப்புக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, பதிவுச்சீட்டுக்கும் அந்தக் காப்பீடு கிடையாது.

சரி, மகளிர் குழு. சீட்டு 20 மாதத்தில் முடிந்துவிடும், குழுவின் பணம் முடிவதில்லை, சேர்ந்துகொண்டே போகும். 15 பேர் மாதம் 200 போட்டால் ஆறு மாதத்தில் 18,000. அதைத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுப்பார்கள், பல குழுக்களில் அதே இரண்டு பைசா வட்டிதான், ஆனால் வட்டி கமிஷனாக வெளியே போகாமல் குழுவின் கணக்கிலேயே தங்குகிறது. யாருக்குக் கடன் என்பதை ஏலம் முடிவு செய்வதில்லை, கூட்டம் முடிவு செய்கிறது. நெருக்கடியில் இருப்பவர் அதிகம் தள்ளி மாட்டிக்கொள்வதில்லை என்பது நல்லது. குழுவை நடத்தும் ஊக்குநருக்கும் பிரதிநிதிக்கும் வேண்டியவர்களுக்கே கடன் போகும் குழுக்களும் உண்டு, ஒருவர் பெயரில் எடுத்து இன்னொருவர் செலவழிப்பதும் நடக்கிறது, தவணை நிற்கும்போதுதான் அது வெளியே வரும். கூட்டத்தில் பேரேட்டை உரக்கப் படிக்கிறார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள், படிக்காத குழுவில் பெரிய தொகை வைக்க வேண்டாம்.

பாங்க் இந்தக் குழுக்களைக் கவனிக்கத் தொடங்கியது 1992-இல், நபார்டு 500 குழுக்களோடு ஒரு முன்னோட்டம் தொடங்கியபோது. தனி ஆளாகப் போனால் பிணை கேட்கும் பாங்க், ஆறு மாதம் ஒழுங்காகச் சேமித்து, உள்கடன் கொடுத்து வசூலித்த நோட்டைக் காட்டினால் குழுவின் பெயரில் பிணையில்லாமல் கடன் தருகிறது. சீட்டு எத்தனை வருடம் ஒழுங்காகக் கட்டினாலும் பாங்கில் அது ஒரு சான்றாக எழுதப்படுவதில்லை, இது அம்மாவுக்கு நேரடியாகப் பயன்படும் வித்தியாசம்.

கட்டுரைக்கு ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவின் சீட்டு நோட்டை வாங்கி, யார் எத்தனையாவது மாதம் எவ்வளவு தள்ளி எடுத்தார்கள் என்று எழுதுங்கள். விரிதாளில் A நெடுவரிசையில் மாதத்துக்கு ஒரு வரியாக, வாங்கியதைக் கூட்டலிலும் கட்டியதைக் கழித்தலிலும் போட்டு (முதலில் எடுத்தவருக்கு 66250, அடுத்து -3750, இப்படி 20 வரி) இதை அடியுங்கள்:

```
=IRR(A1:A20)
```

வருவது மாத வட்டி. ஒவ்வொரு மாதம் எடுத்தவருக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், நடுவில் எடுத்த சிலருக்கு இந்தச் சூத்திரம் விடையே தராமல் போகலாம், ஏனென்றால் அவர்கள் பாதி நாள் சேமித்தவர்கள், பாதி நாள் கடனாளிகள். அம்மா இன்னும் எடுக்கவில்லை என்றால், நடத்துபவர் பதிவு எண் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் 14 சதவீதத்துக்கு ஆசைப்பட்டுக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், தள்ளு 15,000-க்கு இறங்கியதும் எடுத்து, 85,000-ஐயும் பாங்கில் போட்டுவிட்டு மீதித் தவணையை அதிலிருந்து கட்டச் சொல்லுங்கள்.