டெய்லர் அக்காவுக்குப் போன மெசேஜ்: இன்றைக்குள் செய்ய வேண்டியவை

கேள்வி: நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். புதுச்சேரியில் இருக்கும் என் நாத்தனாருக்குப் போன வாரம் கர்ப்பம் கலைந்துவிட்டது. மாமியாருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னாள். அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட் போட்டோவையும் நடந்ததை எழுதிய ஒரு மெசேஜையும் நேற்று ராத்திரி என் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அது எங்கள் தெரு டெய்லர் அக்காவுக்குப் போய்விட்டது. பதறிப்போய் போட்டோவை எல்லாருக்கும் அழிகிற மாதிரி அழித்தேன். மெசேஜை என் போனில் மட்டும் அழித்துவிட்டேன் போலிருக்கிறது. டெய்லர் அக்கா பதில் எதுவும் போடவில்லை. பிளாக் பண்ணிவிடலாமா? நாத்தனாரிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா?

பதில்: பிளாக் பண்ணாதீர்கள். நாத்தனாரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் டெய்லர் அக்காவுக்கு ஒரு போன் போட வேண்டும். அது ஏன் என்று புரிய, இப்போது எது எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

போட்டோவுக்கு நீங்கள் அழுத்தியது "Delete for everyone". அவர் போனில் அந்த இடத்தில் "This message was deleted" என்ற வரி மட்டும் நிற்கும். அழிப்பதற்குள் அவர் பார்த்திருக்கலாம், ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள வாட்ஸ்அப்பில் வழி கிடையாது. அவரிடம் இருப்பது ஐபோன் என்றால் இன்னொன்றும் உண்டு. வருகிற படங்கள் தானாகவே போட்டோ ஆல்பத்தில் சேர்கிற மாதிரி வைத்திருந்தால், சாட்டில் அழிந்த படம் ஆல்பத்தில் அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் கேலரியிலிருந்தும் போய்விடும். ஆனால் கூகுள் போட்டோஸ் அதற்குள் பேக்கப் எடுத்திருந்தால் அந்தப் பிரதி தங்கிவிடும்.

மெசேஜ் விஷயம் வேறு. "Delete for me" அழுத்தினால் உங்கள் போனில் மட்டும்தான் போகும், அவர் போனில் ஒரு எழுத்துகூடக் குறையாது. அப்படி அழுத்தியதும் திரையின் கீழே சில நொடிகள் "Undo" என்று ஒரு பட்டை வரும். அதைத் தொட்டால் மெசேஜ் திரும்பிவிடும், பிறகு எல்லாருக்குமாக அழிக்கலாம். அந்த நொடிகள் போய்விட்டால் உங்கள் பக்கத்திலிருந்து தொட எதுவும் மிச்சமில்லை. ஏறக்குறைய இரண்டு நாள் வரை எல்லாருக்கும் அழிக்கலாம் என்ற வசதி, உங்கள் போனில் மெசேஜ் இருந்தால்தான் உதவும். பதற்றத்தில் இந்த இரண்டு வரிகளையும் மாற்றி அழுத்துகிறவர்கள் ஏராளம். அதனால் உங்களையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மெசேஜ் போய்விட்டதால் அதோடு டிக்கும் போய்விட்டது. நீல டிக் வந்ததா, அவர் படித்தாரா என்று இனி பார்க்க முடியாது. அவர் எப்போது ஆன்லைனில் வந்தார் என்பதை வைத்துக் கணக்குப் போடுவதும் வீண். படித்துவிட்டார் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். யோசித்துப் பாருங்கள்: அவர் திரையில் இப்போது ஒரு படம் அழிக்கப்பட்ட வரி இருக்கிறது, அதோடு கர்ப்பம் கலைந்ததைச் சொல்லும் மெசேஜும் இருக்கிறது. அழித்த படத்தில் என்ன இருந்தது என்பதை அந்த மெசேஜே சொல்லிவிடுகிறது. நீங்கள் பேசாமல் இருந்தால் அவர் பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் தெளிந்துகொள்வார்.

பிளாக் பண்ணினால் போன மெசேஜ் திரும்பி வராது. தெரிந்த ஒருவர் காரணமில்லாமல் அவமானப்பட்டதாக நினைப்பார், அதோடு விஷயத்தையும் கையில் வைத்திருப்பார். தானாக மறையும் மெசேஜ் வசதியை இப்போது போட்டாலும் பயனில்லை. அது இனிமேல் வருகிற மெசேஜ்களுக்கு மட்டும்தான். "என் போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று சொல்லலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம், பலருக்குத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பொய்யைக் கேட்டவர் அதைத்தான் நாலு பேரிடம் முதலில் சொல்வார். சொல்லும்போது மெசேஜில் என்ன இருந்தது என்பதும் கூடவே போகும்.

ஆகவே போன் போடுங்கள். நீளமான மன்னிப்பு மெசேஜ் எழுதாதீர்கள், அது இன்னொரு ஆவணமாகிவிடும். கடை திறந்து வாடிக்கையாளர்கள் சூழ்ந்திருக்கும் நேரத்தைத் தவிர்த்து, காலையிலேயே பேசிவிடுங்கள். எடுக்கவில்லை என்றால் இந்த இரண்டு வரி போதும்: "அக்கா, நேத்து ராத்திரி வந்த மெசேஜ் எங்க அக்காவுக்குப் போக வேண்டியது. கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன்." இதில் யார் பெயரும் இல்லை, என்ன விஷயம் என்பதும் இல்லை. எடுத்தால் ஏறக்குறைய இப்படிப் பேசுங்கள்:

"அக்கா, நேத்து உங்களுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். அது எங்க அக்காவுக்கு அனுப்ப வேண்டியது, கை தவறி உங்களுக்கு வந்துடுச்சு. நீங்க படிச்சிருந்தா அது உங்க தப்பு இல்ல. அது எங்க வீட்டுப் பொண்ணோட உடம்பு விஷயம், அவ வீட்டிலயே இன்னும் சொல்லல. உங்களோடயே வச்சுக்கங்க அக்கா. இப்ப நான் லைன்ல இருக்கும்போதே அதை அழிச்சிடறீங்களா?"

"படிச்சீங்களா?" என்று கேட்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டிய கட்டாயத்தில் அவரை நிறுத்துகிறீர்கள். அப்படிச் சொன்னவரிடம் ரகசியம் காக்கும்படி கேட்கவும் முடியாது. கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "வேற யாருக்காவது காட்டினீங்களா, யாருக்காவது அனுப்பிட்டீங்களா அக்கா?" ஃபார்வர்டு ஆகிப்போன பிரதிகள், இங்கே அழித்தாலும் அங்கே அழியாது. ஒருவருக்குப் போயிருந்தால், அவரிடமும் அழிக்கச் சொல்லும்படி டெய்லர் அக்காவையே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நேரடியாகப் போய்க் கேட்டால் விஷயம் பெரிதாகத் தெரியும்.

அழிக்கச் சொல்லும்போது மூன்று இடங்களைச் சொல்லுங்கள். முதலில் சாட்டில் இருக்கும் மெசேஜ். அடுத்து கேலரி, படம் சேர்ந்திருந்தால். மூன்றாவதாக குப்பைத்தொட்டி. ஐபோனில் அழித்த படம் 30 நாள் வரை கிடக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள் வரை இருக்கும். அவர் போனைப் பிள்ளைகளும் எடுத்து விளையாடுவார்கள் என்றால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அழித்ததற்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லாதீர்கள். உங்கள் மேல் இரக்கத்தோடு உதவுகிறவரைச் சந்தேகப்படுவதாக ஆகும்.

இனி நாத்தனார். டெய்லர் அக்காவோடு பேசி முடித்த கையோடு புதுச்சேரிக்கு பஸ் ஏறுங்கள், ஒரு மணி நேரப் பயணம்தான். முடியாவிட்டால் போனில் பேசுங்கள், மெசேஜில் வேண்டாம். விஷயம் பரவவில்லையே, சொல்லி ஏன் நோகடிக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். டெய்லர் அக்கா நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் உங்கள் மாமியார் அவரிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர் என்றால், அவர் நல்ல மனதோடு "மருமக சொன்னா, பொண்ணுக்கு இப்படி ஆயிடுச்சாமே, மனசைத் தேத்திக்கங்க" என்று ஆறுதல் சொல்லிவிடலாம். உங்கள் மாமியார் தன் மகளின் இழப்பை ஒரு தையல் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்வார். அந்த நிலை வரக்கூடும் என்று நாத்தனாருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அம்மாவிடம் தானே முந்திச் சொல்வதா, இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை நீங்களும் எடுக்கக் கூடாது, உங்கள் கணவரும் எடுக்கக் கூடாது.

மன்னிப்பு கேட்கும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள். நாத்தனார் உங்களிடம் மட்டும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் அக்காவுக்கு அனுப்பப் புறப்பட்டதும் அவர் அனுமதி இல்லாமல்தான். டெய்லர் அக்காவுக்குப் போனது கைத்தவறு, அது வேறு. நாத்தனார் "உங்க அக்காகிட்ட ஏன் சொல்லப் போனீங்க அண்ணி?" என்று கேட்பார், கேட்க அவருக்கு நியாயம் இருக்கிறது. அவர் கேட்கும் முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்: "எனக்கு மனசு தாங்கல, அக்காகிட்ட சொல்லப் போனேன். உன்னைக் கேட்காம அனுப்பினது என் தப்பு. அது போய்ச் சேர்ந்த இடமும் தப்பாயிடுச்சு." பிறகு என்ன போனது, யாரிடம் போனது, யாரிடம் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார் என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் அவர் பெயர், வயது, மருத்துவமனை எண், போன் நம்பர் எதெல்லாம் தெரிந்தது என்பதையும் சொல்லுங்கள். "பரவாயில்லை" என்ற வார்த்தையை அவரிடமிருந்து அன்றைக்கே எதிர்பார்க்காதீர்கள். உடம்பும் மனதும் நொந்து கிடக்கிறவர் அவர்.

வெளியில் யாராவது "அப்படியா?" என்று இழுத்தால் ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். "அவங்க வீட்டு விஷயம், நான் பேசறது சரியா இருக்காது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் கணவரும் இதே வார்த்தையைச் சொல்லட்டும். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் கேட்கிறவருக்கு அதுவே விடையாகிவிடும்.

உங்கள் விஷயத்தில் அப்படி நடக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்ததை வைத்து யாராவது பணம் கேட்டாலோ மிரட்டினாலோ, அந்த மிரட்டல் மெசேஜ்களை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு cybercrime.gov.in தளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். நீங்கள் தமிழ்நாடு, நாத்தனார் புதுச்சேரி என்பதால் எந்த ஊர் போலீஸ் என்று அலைய வேண்டாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தது என்று பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

கடைசியாக உங்கள் போன். கேலரியிலிருந்து ஷேர் கொடுத்து, தேடும் இடத்தில் "அக்கா" என்று அடித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அக்கா என்று பதிந்த எல்லாரும் வரிசையாக வருவார்கள், அதில் விரல் தவறுவது சுலபம். டெய்லர் அக்காவை "டெய்லர் மஞ்சக்குப்பம்" என்று மாற்றிப் பதியுங்கள். பால்காரம்மா, ஹவுஸ் ஓனர் எல்லாரையும் உறவுச் சொல் இல்லாமல் தொழிலை முன்வைத்துப் பதியுங்கள். ஆஸ்பத்திரிக் காகிதம் எதையும் கேலரியிலிருந்து ஷேர் செய்யாமல், அனுப்ப வேண்டியவரின் சாட்டை முதலில் திறந்து, மேலே பெயரையும் படத்தையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து இணையுங்கள். இணைக்கும்போது கேப்ஷன் பெட்டியில் 1 என்று வட்டத்துக்குள் ஒரு குறி தெரியும். அதைத் தொட்டு அனுப்பினால் பெறுகிறவர் ஒரே ஒரு முறைதான் திறக்க முடியும், அவர் கேலரியிலும் சேராது.