தண்ணீரில் போட்ட துண்டு எண்ணெயை விட மென்மையாக வருகிறது

> மைல்டு ஸ்டீல், 12 மி.மீ. துண்டு, 900 டிகிரியில் ஒரு மணி நேரம். எண்ணெயில் குளிர்வித்ததன் கடினம் ராக்வெல் பி அளவுகோலில் 84, தண்ணீரில் 78. தலைகீழாக வருகிறதே?

நீங்கள் அளந்தது பெரும்பாலும் எஃகை அல்ல, அதன் மேல்தோலை. 12 மி.மீ. துண்டு தண்ணீரில் சரியாகக் குளிர்ந்திருந்தால் 100-ஐத் தொட வேண்டும். 78 என்பது கிட்டத்தட்ட குளிர்விக்காத எஃகின் அளவு.

திறந்த உலையில் ஒரு மணி நேரம் இருந்தால் மேற்பரப்பில் கார்பன் எரிந்துபோகும். கார்பன் இல்லாத இடம் எந்தத் திரவத்திலும் கடினமாகாது. 78 காட்டும்போது கருவியின் குண்டு துண்டுக்குள் இறங்கும் ஆழமே சுமார் 0.1 மி.மீ.தான். தண்ணீர்த் துண்டைக் கடைசியாக எடுத்தீர்களா? அப்படியென்றால் அதில் தோல் இன்னும் தடிப்பாக இருக்கும்.

இரண்டு துண்டிலும் அரை மி.மீ. தேய்த்து எடுங்கள், தண்ணீர் ஊற்றிக்கொண்டே. சூடேறினால் கடினம் இறங்கிவிடும். அடிப்பக்கத்துச் செதிலையும் நீக்குங்கள், இல்லையென்றால் துண்டு மேடையில் சரியாக உட்காராது. அப்புறம் ஐந்து இடத்தில் அளந்து, முதல் அளவை விட்டுவிடுங்கள்.

தேய்த்த பிறகும் ஏறவில்லையா? துண்டை அசைக்காமல் போட்டிருப்பீர்கள். நீராவி போர்வை மாதிரி சுற்றிக்கொண்டு வெப்பத்தை வெளியே விடாது. வேறு துண்டை எடுத்து, குளிர்ந்த நீரில் மேலும் கீழும் வேகமாக ஆட்டிப் பாருங்கள்.

ஒன்று: அளவு 100-ஐத் தாண்டினால் பி அளவுகோலை நம்ப வேண்டாம், குண்டு நசுங்கும். வைரக்கூம்புக்கு, அதாவது சி அளவுகோலுக்கு மாறுங்கள். அதில் 20-க்குக் கீழே வந்தால் அதையும் எழுத வேண்டாம்.